“எப்ப சாப்பாடு போடப் போறீங்க?” – பதில் சொல்ல வேண்டியது யார்?

கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி பெரும்பாலும் வருகிறது. “என்ன மதினி, பெரியவளுக்கு எப்ப? நாங்களும் ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட வேண்டாமா?” கேட்டவர் பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. அடுத்த ஆளைப் பார்த்து நகர்ந்துவிடுகிறார். கேட்கப்பட்ட அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். இரவு ஒன்பது மணிக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் முப்பத்து மூன்று வயது மகளுக்கு போன் போகிறது. மண்டபத்தில் அரை நிமிடத்தில் முடிந்த பேச்சு, போனில் ஒரு மணி நேரம் ஓடி அழுகையில் முடிகிறது.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேள்வி மகளிடம் கேட்கப்படவே இல்லை. சொந்தக்காரர்களின் அழுத்தம் பெரும்பாலும் இப்படி அம்மா, அப்பா வழியாகத்தான் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது. ஆனால் உறவினரின் நச்சரிப்பை எப்படிச் சமாளிப்பது என்ற யோசனைகளெல்லாம் கல்யாணமாகாத அந்தப் பிள்ளையை நோக்கியே சொல்லப்படுகின்றன. சிரித்துக் கடந்து போ, காதில் வாங்காதே, பேச்சை மாற்று என்கிறார்கள். உண்மையில் பதிலைத் தயார் செய்ய வேண்டியவர்கள் பெற்றோர்தான். அவர்கள் சொல்லும் பதில் சரியாக இருந்தால் பாதி அழுத்தம் வாசலிலேயே நின்றுவிடும்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

“இவங்களுக்கென்ன வந்தது?” என்று இளையவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்க் குடும்பங்களில் உறவினர்களுக்கு இதில் ஒரு பங்கு இருந்து வந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தாய்மாமனும் அத்தையும் இங்கே விருந்தாளிகளாக மட்டும் இருந்ததில்லை. சம்பந்தம் பேசும் உரிமை உள்ளவர்களாக இருந்தார்கள். முறைமாமன், முறைப்பெண் என்ற கணக்கு இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டிலேயே சொந்தத்துக்குள் திருமணம் மிக அதிகமாக நடக்கும் மாநிலம் தமிழ்நாடு. சுமார் 28 சதவீதப் பெண்கள் இரத்த உறவில் மணமுடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அகில இந்திய அளவில் அது 11 சதவீதம்தான். அந்த மனக்கணக்கில் வளர்ந்த ஒரு மாமாவுக்கு, மருமகளின் திருமணம் அடுத்த வீட்டு விஷயமாகத் தோன்றாது.

பணக் கணக்கும் இருக்கிறது. ஊரெல்லாம் மொய் எழுதிய குடும்பத்துக்கு, அது திரும்பி வருவதற்கு வீட்டில் ஒரு விசேஷம் நடந்தாக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும், தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி மாதத்தில் மொய்விருந்து என்றே தனியாகப் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குகிறார்கள். கல்யாணம் காதுகுத்து இல்லாத வீடும் கொடுத்ததைத் திரும்ப வாங்க ஊரே கண்டுபிடித்த வழி அது. பல ஊர்களில் அப்படி ஒரு வழி இல்லை. “எப்ப சாப்பாடு போடப் போறீங்க?” என்ற கேள்விக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கலின் ஞாபகமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், பிள்ளைகளின் வாழ்க்கை வேறு வேகத்தில் நகர்ந்துவிட்டது. கல்லூரி வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் சேரும் மாநிலம் இது. 2021-22ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்லும் இந்த எண், தேசிய அளவான 28.4 சதவீதத்தைவிட வெகுதூரம் மேலே இருக்கிறது. ஒரு பெண் பட்டப்படிப்பை முடிக்கவே இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிறது. மேற்படிப்பு, முதல் வேலை, கல்விக் கடன் எல்லாம் தாண்டி மூச்சு விடும்போது இருபத்தெட்டு. பதினெட்டிலும் இருபதிலும் தாலி கட்டிக்கொண்ட பெரியம்மாவுக்கு அது பயம் தரும் வயதாகத் தெரிகிறது. அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அது பெரியம்மாவின் பயம். அதற்கு மருந்தாக மகளின் திருமணத்தைக் கொடுக்க முடியாது.

மூன்று பதில்கள், ஒரு குடும்பம்

தஞ்சாவூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன பெங்களூர் மகள் இந்த வீட்டுப் பெண்தான். கல்யாணம் இப்போது வேண்டாம், பிறகும் வேண்டுமா என்று தெரியவில்லை என்று பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். பெற்றோருக்கு மனம் கேட்கவில்லை என்றாலும் கட்டாயப்படுத்தவில்லை. சிக்கல் வெளியே என்ன சொல்வது என்பதில்தான் வந்தது.

அப்பா எடுத்துக்கொண்ட பதில், “ஜாதகத்துல குரு பலன் இன்னும் வரலை, குருப்பெயர்ச்சி ஆகட்டும்.” யார் மனதும் நோகாத பதில் என்று நினைத்தார். ஆனால் குரு ஒரு ராசியில் ஏறத்தாழ ஓராண்டுதான் இருப்பார். சாக்குக்கும் அவ்வளவுதான் ஆயுள். பெயர்ச்சி முடிந்த வாரமே அவருடைய அக்கா இரண்டு ஜாதகங்களோடு வந்து இறங்கினார். அதோடு, தோஷம் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. திருமணஞ்சேரிக்குப் போய் மாலை சாத்தி வாருங்கள், காளஹஸ்தியில் ராகு கேது பூஜை செய்யுங்கள் என்று ஆளுக்கு ஒரு பரிகாரம் சொன்னார்கள். சாக்கு சொல்வதில் இருக்கும் ஆபத்து இதுதான். கேட்பவர் அதைத் தீர்க்க வேண்டிய பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, தீர்வோடு திரும்பி வருவார். படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், தை பிறக்கட்டும் என்ற பதில்களும் இதே வகை. ஒவ்வொன்றும் அடுத்த வருகைக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறது.

அம்மாவின் பதில் வேறு. “நாங்க என்ன பண்றது? அவதான் வேணாங்கிறா.” இது உண்மைதான். ஆனால் இந்த ஒரு வாக்கியம் மகளைத் தனியாக முன்னால் தள்ளிவிடுகிறது. அடுத்த நாளே தாய்மாமன் மகளுக்கு போன் போட்டார். “அம்மா அழுவுறாம்மா, உனக்கு யாரையாச்சும் பிடிச்சிருக்கா, மாமாகிட்ட சொல்லு” என்றார். சித்தி அறிவுரை அனுப்பினார். யாரோ ஒரு தெரிந்தவர், அலுவலகத்துக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். பெற்றோரே கைவிரித்துவிட்டார்கள், பேசிப் பார்க்கலாம் என்ற அனுமதியாகத்தான் உறவினர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மகள் அம்மாவின் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். தீபாவளிக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு கல்யாணத்தைப் பற்றியதாக இல்லாமல், வெளியே சொல்லும் பதிலைப் பற்றியதாக மட்டும் இருந்தது. முடிவான பதில் இது: “நாங்களும் அவளும் பேசி முடிவு பண்ணியிருக்கோம். இப்ப வரன் பார்க்கலை. பார்க்கிறதா இருந்தா முதல்ல உங்ககிட்டதான் வருவோம்.”

இந்தப் பதிலில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. “நாங்களும் அவளும்” என்பதால் குடும்பத்துக்குள் விரிசல் தெரிவதில்லை. வரன் பார்க்கவில்லை என்பதில் காரணம் எதுவும் இல்லாததால், தீர்த்து வைக்க எதுவும் கிடைப்பதில்லை. கடைசி வாக்கியம் அக்காவுக்கும் மாமாவுக்கும் அவர்களின் முறையான இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அது வெறும் மரியாதைக்குச் சொல்வதல்ல. அந்த நாள் வந்தால் அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

ஒரு முறை சொன்னால் போதாது. ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அப்போது புதுக் காரணம் தேடக் கூடாது. அதே பதிலை அதே சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியருக்கு இது வேலையில் கைவந்த கலை. அவர் மனைவிக்குத்தான் கடினமாக இருந்தது. தன் சொந்தத் தம்பியிடம் காரணம் சொல்லாமல் இருப்பது அவருக்குத் துரோகம்போல் பட்டது. இரண்டு பெற்றோரில் ஒருவர் தனியாக இளகி, “உன்கிட்ட மட்டும் சொல்றேன்” என்று ஆரம்பித்தால் பதில் அங்கேயே உடைந்துவிடும். இந்த வீட்டில் அப்படியும் ஒரு முறை உடைந்தது. மறுபடி ஒட்டுவதற்குச் சில மாதங்கள் ஆயின. இப்போது அக்கா கேட்பதை நிறுத்திவிடவில்லை, ஆனால் வருடத்துக்கு ஒரு முறை கேட்கிறார். மகளுக்கு நேரடியாக வரும் போன் நின்றுவிட்டது.

எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். “நான் கண்ணை மூடறதுக்குள்ள பார்த்துடணும்” என்று சொல்லும் பாட்டியிடம் இந்த மூன்று வாக்கியங்களை ஒப்பித்தால் அது கொடுமை. அவருக்குத் தேவை பக்கத்தில் உட்காருதல். பேத்தி என்ன வேலை பார்க்கிறாள், யாரோடு தங்கியிருக்கிறாள், உடம்பு சரியில்லாமல் போனால் யார் வந்து பார்க்கிறார்கள் என்ற விவரங்கள் அவருக்குத் தெரிய வேண்டும். பாட்டியின் கேள்விக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். அதே வார்த்தைகளை ஐம்பது வயது பெரியப்பா, பாட்டியின் சார்பில் சொல்லும்போது கதை வேறு. “அவங்களுக்கு எதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு” என்பது மிரட்டல். அதற்கு மூன்று வாக்கியப் பதிலே சரி.

ஜாதகம் எங்கெங்கே இருக்கிறது?

பலர் மறந்துவிடும் ஒரு வேலை உண்டு. வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்று வாயால் சொன்னாலும், மகளின் ஜாதகம் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். தலைமையாசிரியர் வீட்டில் எண்ணிப் பார்த்தபோது, இரண்டு தரகர்களிடமும், சாதிச் சங்கத்தின் வரன் பதிவேட்டிலும், ஒரு திருமணத் தகவல் தளத்திலும், குறைந்தது மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் அது இருந்தது. அந்த ஒரு பக்கத்தில் பிறந்த தேதி, நேரம், ஊர், சம்பளம், அப்பாவின் கைபேசி எண், முழு உருவப் புகைப்படம் எல்லாம் இருந்தன. யார் யாரோ போன் செய்வதற்கும், சொந்தக்காரர்கள் “இன்னும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க” என்று வாதிடுவதற்கும் அந்தத் தாள்தான் சாட்சி.

தரகர்களிடம் நேரில் போய்த் திரும்ப வாங்கினார்கள். சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். தளத்தில் கணக்கை அப்போதைக்கு மறைத்து வைக்காமல் முழுதாக நீக்கினார்கள். அப்பாவின் எண்ணில் தொடங்கிய கணக்கு என்பதால் அவர் கைபேசியில்தான் அதைச் செய்ய முடிந்தது. பெற்றோரே பிள்ளைக்குத் தெரியாமல் தொடங்கிய கணக்கு என்றால் இங்கே ஒரு மனத்தாங்கலும் வெளியே வரும். அது வருவது நல்லது. வாட்ஸ்அப்பில் போனதை முழுதாகத் திரும்ப வாங்க முடியாது. “இந்த ஜாதகத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்” என்று அதே குழுவில் அப்பாவே ஒரு வரி போட்டார். அது போதுமான அளவுக்கு வேலை செய்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் ஒன்றுண்டு. கல்யாணம் செய்துகொள்ள விரும்பியும் அமையாதவர்கள். கொங்குப் பகுதியில் விவசாயம் பார்க்கும், சொந்த ஊரிலேயே இருக்கும் ஆண்களுக்குப் பெண் கிடைப்பது கடினமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கேரளம் வரை போய்ப் பெண் பார்க்கிறார்கள். முப்பத்தேழு வயதில், பத்து இடத்தில் தட்டிப்போன ஒருவரிடம், “என்னடா தம்பி, இன்னும் ஒண்ணும் அமையலையா?” என்று பந்தியில் நாலு பேர் முன்னால் கேட்பது புண்ணைக் கிளறுவதுதான். இந்த வீடுகளுக்கு உறவினரின் உதவி தேவை, கேள்விதான் தேவையில்லை. அம்மா சொல்லக் கூடியது: “இடம் இருந்தா எனக்கு போன் பண்ணுங்கண்ணே. அவன்கிட்ட கேட்காதீங்க.” உண்மையாகவே உதவ நினைப்பவர் போன் செய்வார். மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள்.

சிலருக்குக் காரணத்தை வெளியே சொல்லவே முடியாது. உடல்நிலை, முறிந்த காதல், தன்பால் ஈர்ப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். மண்டபத்தில் கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. காரணம் சொல்லாத பதில் எல்லாக் குடும்பங்களுக்கும் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான நியாயம் இல்லை. காரணம் உள்ளவர்கள் மட்டும் வாயை மூடினால், மௌனமே காட்டிக்கொடுத்துவிடும்.

“தம்பிக்கு வழிவிடு”

மிகக் கடுமையான அழுத்தம் உடன்பிறப்பின் பேரில் வருகிறது. தலைமையாசிரியரின் மகனுக்கு இருபத்தொன்பது வயது. அவருக்குப் பெண் கொடுக்க முன்வந்த இரண்டு இடங்கள், “அக்கா இருக்கும்போது தம்பிக்கு எப்படி?” என்று பின்வாங்கின. இந்த இடத்தில் உறவினர்கள் சொல்வதில் ஒரு நிஜமான நஷ்டம் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்காக ஒரு பெண் விருப்பமில்லாத திருமணத்துக்குள் போனால் நஷ்டம் தீராது, இன்னும் இரண்டு குடும்பங்களுக்குப் பரவும்.

அவர்கள் செய்தது எளிமையானது. மூன்றாவது இடம் வந்தபோது, பெண் பார்க்கப் போவதற்கு முன்பே போனில் சொல்லிவிட்டார்கள். “பெரியவளுக்கு இப்ப கல்யாண எண்ணம் இல்லை, அதுல எங்களுக்கும் சம்மதம். அவளே தம்பி கல்யாணத்தை முன்னால நின்னு நடத்துவா. உங்களுக்குச் சங்கடம்னா இப்பவே சொல்லிடுங்க.” அக்காவும் அடுத்த வாரம் பெண் வீட்டாரிடம் தானே பேசினார். பின்வாங்கிய இடங்களைப் பயமுறுத்தியது அக்கா கல்யாணமாகாமல் இருப்பதைவிட, அதற்குப் பின்னால் ஏதோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம். முன்கூட்டிச் சொன்னபோது அது போய்விட்டது. திருமணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டது அந்த அக்காதான். அன்று மண்டபத்தில் நாலு பேர் வந்து கேட்கத்தான் செய்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மா பதில் சொன்னார்.

நாளைக்கு யார் பார்ப்பார்கள்?

“எங்களுக்கு அப்புறம் அவளுக்கு யாரு?” என்ற கேள்வியைப் பெற்றோரே கேட்டுக்கொள்கிறார்கள். உறவினர்கள் அதை எதிரொலிக்கிறார்கள். இதற்கு மட்டும் வாய்ப் பதில் போதாது, காகிதத்தில் பதில் வேண்டும்.

திருமணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து முதலில் தாய் தந்தைக்குப் போகும். அவர்கள் இல்லையென்றால் தந்தையின் வாரிசுகளுக்கு, அதாவது உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் வழியிலும் போகும். தன்னைக் கூட இருந்து பார்த்துக்கொண்ட தோழிக்கோ, அம்மா வழி உறவுக்கோ கொடுக்க நினைத்தால் உயில் எழுதியே ஆக வேண்டும். வெள்ளைத் தாளிலேயே எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைத்தால் பின்னால் தகராறு குறையும். வங்கியிலும் காப்பீட்டிலும் நாமினி போட்டிருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள், உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

பெற்றோர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. வீடு யாருக்கு, மகள் அதில் குடியிருக்கலாமா என்பதைத் தாங்கள் இருக்கும்போதே எழுதிவைப்பது. தம்பி நல்லவன்தான், பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடும் வீடுகளில் பிறகு மனக்கசப்பு வருவதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியர் மேல்மாடியை மகள் பேருக்கு எழுதினார். அவருடைய அக்கா அடுத்த முறை “அவளுக்கு யாரு?” என்றபோது, அவரால் பத்திரத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

அழுத்தம் கட்டாயமானால்

இதுவரை சொன்னதெல்லாம் பெற்றோர் பிள்ளையின் பக்கம் நிற்கும் வீடுகளுக்கு. போனைப் பிடுங்கி, வேலையை விடச் சொல்லி, உறவினர்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சம்மதம் வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் வீட்டுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிறந்த வீட்டுக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தின் விதிகளோடு உள்ள குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தில், வாய்மொழி மற்றும் மனரீதியான கொடுமை என்ற தலைப்பின் கீழ், விருப்பமில்லாதபோது திருமணத்துக்குக் கட்டாயப்படுத்துவதும், குறிப்பிட்ட ஒருவரை மணக்கக் கட்டாயப்படுத்துவதும், விரும்பியவரை மணக்க விடாமல் தடுப்பதும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பாதுகாப்பு அலுவலரிடம் போய் இதைப் புதிதாக நிரூபித்து விளக்க வேண்டியதில்லை. படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தால் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

கட்டாயத்தில் தாலி கட்டப்பட்டுவிட்டால், இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, வன்முறையாலோ ஏமாற்றியோ பெற்ற சம்மதத்தின் பேரில் நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோர இடம் தருகிறது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் காலக்கெடு கடுமையானது: வற்புறுத்தல் நின்ற அல்லது ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். வற்புறுத்தல் நின்ற பிறகோ ஏமாற்று தெரிந்த பிறகோ தன் முழுச் சம்மதத்தோடு துணைவருடன் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. அப்படி ஒரு வீட்டிலிருந்து நள்ளிரவில் போன் வந்தால், எடுக்கும் தோழியோ அண்ணனோ முதலில் கேட்க வேண்டியது, ஆதார் அட்டையும் படிப்புச் சான்றிதழ்களும் யார் கையில் இருக்கின்றன என்பதைத்தான்.